கொரியத் தொடர்களில் ‘அய்கோ’வும் ‘தேபக்’கும்: உணர்ச்சிச் சொற்களைக் காதால் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

கொரியத் தொடர் பார்க்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே ‘அய்கோ’, ‘தேபக்’, ‘ஹொல்’, ‘ஒமோ’ ஆகிய சொற்கள் காதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் பாட்டி அழும்போதும் ‘அய்கோ’ என்கிறாள், பேரனைக் கொஞ்சும்போதும் ‘அய்கோ’ என்கிறாள். இரண்டு இடத்திலும் கீழே வரும் மொழிபெயர்ப்பு வரியோ ‘ஐயோ’ அல்லது ‘அடக் கடவுளே’ என்று ஒன்றையே காட்டுகிறது, பல வேளைகளில் ஒன்றுமே காட்டாமல் விட்டுவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியல்களும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்து பயனில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தக் காலம் மிச்சமாகட்டும் என்று, எனக்குப் பயன்பட்ட வரிசையைக் கீழே தருகிறேன்.

1. முதலில் சேர்த்துவைக்க வேண்டியவை

தேவையானவை மூன்று: கொரிய மொழி வசனவரி, ஓர் அகராதி, ஒரு குறிப்பேடு. தொடர் பார்ப்பதற்கு நீங்கள் ஏற்கெனவே கட்டும் சந்தாவுக்கு மேல் செலவு எதுவும் இல்லை.

ஒலித்தடம் கட்டாயம் மூலக் கொரியமாக இருக்க வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ குரல் மாற்றப்பட்ட பதிப்பில் இந்தச் சொற்கள்தாம் முதலில் காணாமல் போகின்றன. வசனவரியையும் கொரியத்துக்கு மாற்றுங்கள். சில செயலிகள் உங்கள் ஊருக்கும் கணக்கின் மொழிக்கும் ஏற்ற நான்கைந்து மொழிகளை மட்டுமே காட்டும்; பட்டியலில் கொரியம் தெரியவில்லையென்றால் கணக்கு அமைப்பில் மொழியைக் கொரியத்துக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதன் பிறகு தெரியும். செவித்திறன் குறைந்தோருக்கான கொரிய வசனவரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பெருமூச்சு விடும் இடத்தில் அது [한숨] என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பதால், சொல்லுக்கு முன்னும் பின்னும் வரும் மூச்சு உங்கள் கவனத்துக்கு வந்துவிடும்.

அகராதிக்கு, கொரிய அரசின் தேசிய மொழி நிறுவனம் கற்போருக்காக நடத்தும் krdict.korean.go.kr என்ற தளம் போதும். கட்டணமில்லை. தமிழ் விளக்கம் அதில் இல்லை. ஆங்கில விளக்கம் உண்டு, பல சொற்களுக்கு ஒலிப்பையும் கேட்கலாம். சொல்லைக் கொரிய எழுத்தில் தேடுவதே நல்லது, ஏனெனில் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கொரிய எழுத்தில் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. இரண்டு மூன்று மாலைகள் ஒதுக்கினால் திக்கித் திக்கியாவது படிக்க வந்துவிடும். அதுவரை 아이고 (அய்கோ), 대박 (தேபக்), 헐 (ஹொல்), 어머 (ஒமோ) ஆகிய நான்கையும் படம்போல அடையாளம் கண்டால் போதும்.

ஒலிப்பில் ஒரு சிறு எச்சரிக்கை: ‘அய்கோ’வில் வரும் ககரம் ‘அங்கே’ என்பதில் ஒலிப்பது போன்றது, ‘மகன்’ என்பதில் போல நெகிழ்வதில்லை. ‘தேபக்’கின் கடைசி ஒற்று தொண்டையிலேயே நின்றுவிடும், நாம் சொல்வதுபோல் ‘தேபக்கு’ என்று உகரம் சேர்த்தால் கொரியக் காதுக்கு வேறு சொல்லாகிவிடும்.

2. சொல்லைக் கேட்டதும் பொருளைத் தேடாதீர்கள், ஆளைப் பாருங்கள்

ஓர் உணர்ச்சிச் சொல் வந்ததும் காட்சியை நிறுத்தி, யார், யாரிடம், எந்தச் செய்திக்குப் பிறகு என்ற மூன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்து, சொல்லை ஒட்டி வந்த ஓரிரு சொற்களை எழுதுங்கள். அகராதியை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும்.

கொரியத்தில் வயதும் உறவும் வினைமுற்றையே மாற்றிவிடும் என்பதால் இந்த ஒழுங்கு தேவைப்படுகிறது. மூத்தவரிடம் மரியாதை முற்றும், ஒத்த வயதினரிடமும் இளையவரிடமும் ‘பன்மால்’ எனப்படும் உரிமைப் பேச்சும் வரும். உணர்ச்சிச் சொல்லுக்கு அப்படி முற்று எதுவும் இல்லை, அது தனியாக நிற்கும். ஆகவே அதன் நிறத்தை, பின்னால் வரும் வாக்கியத்தின் முற்றிலிருந்தும் ஆளிலிருந்தும்தான் எடுக்க முடியும்.

3. ‘அய்கோ’வின் நான்கு கிளைகள்

அதிக நேரம் செலவிட வேண்டிய சொல் இதுதான். கொரியத்தின் தர நிர்ணய அகராதி இதற்கு நான்கு பொருள் தருகிறது: வலி, களைப்பு, அதிர்ச்சி, மனக்குமுறல் ஆகியவற்றின்போது எழும் ஒலி, மகிழ்ச்சியிலும் அன்பான வரவேற்பிலும் எழும் ஒலி, நம்பிக்கை இழந்து புலம்பும் ஒலி, அழுகையொலி, குறிப்பாகச் சாவு வீட்டு ஒப்பாரி. ஒன்றுக்கொன்று எதிரான இந்த நான்கும் ஒரே காட்சியில் ஒரே வாயிலிருந்து வருவதுண்டு. குடும்பத் தொடர்களில் அடிக்கடி வரும் வகையைச் சேர்ந்த ஒரு காட்சியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

நாட்டுப்புற வீட்டின் மர முற்றத்தில் பாட்டி உட்கார்ந்து மிளகாய் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எழுந்திருக்கும்போது ‘அய்கோ, ஹொரியா’ என்கிறாள். ‘ஹொரி’ என்பது இடுப்பு. உடலுறுப்பின் பெயரோடு ‘யா’ சேர்ந்து வந்தால் அது வலி அல்லது களைப்பின் அய்கோ; காலுக்கு ‘தாரியா’, தலைக்கு ‘மொரியா’, வயிற்றுக்கு ‘பேயா’. யாரிடமும் சொல்லப்படாத, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒலி இது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘அப்பாடா’, ‘அம்மாடி’ என்று தரையில் கையூன்றி எழுவதற்கு நேரானது. வலி பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வாசற்கதவு திறக்கிறது, படைப் பணியில் இருக்கும் பேரன் விடுப்பில் வந்து நிற்கிறான். ‘அய்கோ, இகே நுகுயா!’ இது ‘அடடே, யார் வந்திருக்கிறது!’ என்னும் வரவேற்பு. முதல் அசையில் குரல் ஏறுவதையும் சொல் விரைவாக முடிவதையும் கவனியுங்கள். அவள் அருகில் வந்து கன்னத்தைத் தடவி ‘அய்கோ, நே செக்கி’ என்கிறாள். இந்த இடத்தில் புதியவர்கள் திகைக்கிறார்கள். ‘செக்கி’ என்றால் விலங்கின் குட்டி. இரண்டு ஆண்கள் சண்டையில் ‘இ செக்கி’ என்றால் அது வசை; அதைத் தெருவில் சொல்லிப் பார்க்க வேண்டாம். ‘நே’, அதாவது ‘என்னுடைய’ என்பதைச் சேர்த்துப் பாட்டியோ தாயோ சொன்னால் ‘என் ராசா’, ‘என் தங்கமே’ என்பதன் இடத்தில் அது நிற்கிறது. எனவே ‘செக்கி’ என்று கேட்டவுடன் கோபக் காட்சி என்று முடிவு செய்யாதீர்கள்.

சோற்றுக்குப் பிறகு பேரன் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொல்கிறான்: அப்பா நடத்திய கடை கடனில் மூழ்கிவிட்டது. பாட்டி உடனே கத்துவதில்லை. நீண்டு, தணிந்து, கடைசி அசை மூச்சோடு கரையும் ஓர் ‘அய்கோ’ வருகிறது. பெரும்பாலும் [한숨] என்ற குறிப்பு இதற்கு முன்போ பின்போ இருக்கும். இது மூன்றாவது கிளையான புலம்பல். தொகை எவ்வளவு என்று தெரிந்த பிறகு அவள் தரையைக் கையால் அடித்துக்கொண்டு ‘அய்கோ, அய்கோ, இரூல் ஒச்சொனா’ என்கிறாள்: ‘இதற்கு நான் என்ன செய்வேன்’. சொல் இரட்டிப்பதும் கை தரையிலோ தொடையிலோ மார்பிலோ படுவதும் குமுறல் உச்சத்துக்குப் போனதன் அடையாளம்.

நகரத்துப் பணக்கார வீடென்றால் இதே கட்டத்தில் மாமியார் நெற்றியில் துணிக்கட்டுப் போட்டுப் படுத்துக்கொண்டு ‘அய்கோ, மொரியா’ என்பார். சொல்லப்படுவது தலைவலி என்றாலும், காட்டப்படுவது மகன் கூட்டிவந்த பெண்ணின் மேலுள்ள அதிருப்தி. உறுப்பின் பெயர் வந்தால் வலி என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. அந்த ஓசை அறையில் இருப்பவர்களின் காதில் விழுவதற்காகவே எழுப்பப்படுகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

நான்காவது கிளை சாவு வீட்டில் வருவது. பழைய முறைப்படி பெற்றோரை இழந்த பிள்ளைகள் ‘அய்கோ, அய்கோ’ என்று ஒரே தாளத்தில் ஓலமிடுவார்கள்; தூரத்து உறவினரும் துக்கம் கேட்க வந்தவர்களும் ‘ஒய், ஒய்’ என்பார்கள். எனவே பழைய முறையைக் காட்டும் இறுதிச்சடங்குக் காட்சியில் யார் பிள்ளை, யார் வந்தவர் என்பதை முகம் தெரியாமலேயே ஒலியை வைத்துச் சொல்லிவிடலாம். மருத்துவமனையை ஒட்டிய இன்றைய இறுதிச்சடங்குக் கூடங்களைக் காட்டும் தொடர்களில் இந்த முறையான ஓலம் குறைவு, விம்மல்தான் கேட்கும்.

குறிப்பேட்டில் தமிழ் இணை எழுதும்போது எல்லா இடத்திலும் ‘ஐயோ’ என்று எழுதுவது பெரிய பொறி. ஒலி ஒத்திருப்பதால் கை தானாகவே அதை எழுதிவிடும். ஆனால் நம்மிடம் ‘ஐயோ’வுக்கு அமங்கலச் சாயல் உண்டு, நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அதைச் சொன்னால் பெரியவர்கள் அதட்டுவார்கள். ‘அய்கோ’வோ ஒப்பாரியில் இருந்தும்கூடக் குழந்தையைக் கொஞ்சும் வாயில் தடையின்றி வருகிறது. களைப்புக்கு ‘அப்பாடா’, வரவேற்புக்கு ‘அடடே’, கொஞ்சலுக்கு ‘என் ராசா’, புலம்பலுக்கு ‘கடவுளே’, ஓலத்துக்கு மட்டும் ‘ஐயோ’ என்று நான் பிரித்து எழுதிக்கொள்கிறேன்.

இன்னொரு பொறி குத்தல் பேச்சு. ‘அய்கோ, குரெஸ்ஸொயோ?’ என்று மரியாதை முற்றோடு வருவதைக் கேட்பீர்கள். கைக்குழந்தையிடம் தாய் சொன்னால் ‘அப்படியாடா கண்ணு’ என்னும் கொஞ்சல். அதே தொனியில், இன்னும் உயர்ந்த மரியாதை முற்றோடு ‘அய்கோ, குரொஷொஸ்ஸொயோ?’ என்று ஒத்த வயதுத் தோழியிடம் ஒருத்தி சொன்னால் அது ஏளனம். அந்த உறவுக்குத் தேவையில்லாத மரியாதை வந்திருப்பதே தடயம்.

4. ‘தேபக்’: பெயர்ச்சொல்லையும் வியப்பொலியையும் பிரியுங்கள்

இது அய்கோவைவிட எளிது, ஆனால் இரண்டு வேலைகள் செய்கிறது. முதல் வேலை பெயர்ச்சொல்லாக நிற்பது. பொருள் பெருவெற்றி, எதிர்பாராத பெரிய ஆதாயம். புதிதாகத் திறந்த கடைக்கு வந்தவர்கள் ‘தேபக் நாசேயோ’ என்று வாழ்த்துவதை அடிக்கடி பார்ப்பீர்கள். வியாபாரம் அமோகமாக நடக்கட்டும் என்று பொருள். இந்த வடிவத்தில் மரியாதை முற்று இருப்பதால் மூத்தவரிடமும் சொல்லலாம். 2014 சனவரியில் அப்போதைய அதிபர் பார்க் குன்-ஹே புத்தாண்டுச் செய்தியாளர் சந்திப்பில் கொரிய ஒருங்கிணைப்பு ஒரு ‘தேபக்’ என்றது இந்தப் பெயர்ச்சொல்லைத்தான். நாட்டின் அதிபர் வாயில் இவ்வளவு பேச்சுவழக்கான சொல்லா என்று அப்போது பெரிய விவாதம் எழுந்தது. இந்தச் சொல் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை அளக்க அந்த விவாதமே போதும்.

இரண்டாவது வேலை தனி வியப்பொலி. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது, ‘தேபக்’ என்றால் பாராட்டு என்பது. அப்படியில்லை. தோழிக்குப் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தாலும் ‘தேபக்!’, தோழியின் காதலன் வேறொருத்தியோடு கைகோத்துப் போனதைக் கேட்டாலும் ‘தேபக்...’. அளவுக்கு மீறியது எதுவோ அதற்கெல்லாம் இது பொருந்துகிறது, நல்லது கெட்டது பார்ப்பதில்லை. நல்ல செய்திக்கு வரும்போது இரண்டாம் அசை ஓங்கி ஒலிக்கும், கண் விரியும், பல வேளைகளில் முன்னால் ‘வன்ஜொன்’, அதாவது ‘முழுக்க’ என்பதும் சேரும். கெட்ட செய்திக்கு வரும்போது குரல் தணிந்து, வாய் சற்றுத் திறந்தபடி நின்றுவிடும், கை வாயைப் பொத்தும். தமிழில் ‘அடேங்கப்பா’ முதலாவதற்குப் பொருந்தும். இரண்டாவதற்கு ‘அடப்பாவி’ கிட்டத்தட்ட வரும்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2021 செப்டம்பரில் சேர்த்த கொரியச் சொற்களில் ‘தேபக்’கும் ஒன்று. அதனால் வெளிநாட்டார் சொன்னால் கொரியர்கள் வியப்பதில்லை. ஆனால் தனி வியப்பொலியாக வரும்போது இது இளையோர் பேச்சு என்பது மாறவில்லை; மேலதிகாரி சொன்ன செய்திக்கு வெறும் ‘தேபக்’ என்று பதில் சொல்லும் புது ஊழியரைத் தொடர்களில் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பது அதனால்தான்.

5. சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றவை

‘ஹொல்’ என்பது பேச்சு நின்றுபோன திகைப்பு. ‘தேபக்’ போல இருபக்கமும் போகும் என்றாலும், ஏமாற்றம், எரிச்சல், ‘இதெல்லாம் ஒரு நியாயமா’ என்ற உணர்வின் பக்கமே அதிகம் சாயும். குறுஞ்செய்தி காட்டும் திரைகளில் 헐 என்ற ஒற்றை எழுத்துக்கட்டம் மட்டுமே பதிலாக வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

‘ஒமோ’, நீட்டினால் ‘ஒமோனா’, பெரும்பாலும் பெண்கள் வாயில் வரும் வியப்பு. ஆண் பாத்திரம் சொன்னால் இயக்குநர் சிரிக்க வைக்க விரும்புகிறார் அல்லது அந்தப் பாத்திரத்தின் இயல்பைக் குறிக்கிறார் என்று கொள்ளலாம். ‘ஒம்மாயா’ என்பது திடீரென்று அஞ்சும்போது வருவது. நாமும் பயத்தில் ‘அம்மா’ என்றுதான் அலறுகிறோம், இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. அரட்டையில், பக்கத்து வீட்டுச் செய்தி கேட்டு நடுவயதுப் பெண்கள் சொல்வது ‘செசாங்-எ’. ‘உலகத்தில்’ என்று சொற்பொருள், ‘இப்படியும் நடக்குமா’ என்று கருத்து.

‘ஆய்ஷி’யிடம் எச்சரிக்கையாக இருங்கள். மொழிபெயர்ப்பு வரி இதை ‘சே’ என்று சாதாரணமாகக் காட்டும். ஆனால் இது கடும் வசைச்சொல் ஒன்றின் முதல் அசையோடு நின்றுபோன வடிவமாகவே கேட்பவர்களால் உணரப்படுகிறது. பெரியவர் முன்னால் ஒரு பாத்திரம் இதை முணுமுணுத்தால் அடுத்த நொடியில் திட்டு விழும்.

6. நீங்களே சொல்வதற்கு முன்

கொரியர்களோடு பேசும் வாய்ப்பு வந்தால் முதலில் அய்கோவின் களைப்புக் கிளையில் தொடங்குங்கள். அது யாரையும் நோக்கியதல்ல என்பதால் மரியாதைச் சிக்கல் இல்லை. மூத்தவர் ஒருவரை எதிர்பாராமல் சந்தித்தால் ‘அய்கோ’ என்று தொடங்கி, மரியாதை முற்றோடு வணக்கத்தை முழுமையாகச் சொல்லி முடிக்கலாம், தலையும் சற்றுத் தாழ வேண்டும். கொஞ்சல் கிளையை உங்களைவிட மூத்தவரிடம் பயன்படுத்தாதீர்கள், அவரைச் சிறுபிள்ளையாக்கியதாகிவிடும். ‘தேபக்’கை அலுவலகத்தில் சொல்ல நேர்ந்தால் ‘தேபகியேயோ’ என்று முற்றுச் சேர்த்தால் மரியாதைக் குறைவு நீங்கும், பேச்சுவழக்குத் தன்மை நீங்காது. ‘ஆய்ஷி’யைச் சொல்லவே வேண்டாம்.

7. எந்தத் தொடரில் தொடங்குவது, எவ்வளவு காலம் ஆகும்

அய்கோவுக்கு வார இறுதிக் குடும்பத் தொடர்களே சிறந்தவை. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருப்பதால் எல்லாக் கிளைகளும் கிடைக்கும்; ஆனால் அவற்றில் பல 50 அத்தியாயங்கள் அளவுக்கு ஓடும், முழுவதையும் குறிப்பெடுக்க நினைத்தால் அலுத்துவிடும். முதல் ஐந்தாறு அத்தியாயங்களுக்கு மட்டும் குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். காட்சியை நிறுத்தி எழுதுவதால் ஒரு மணி நேர அத்தியாயம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், காது மழுங்கிவிடும். ‘தேபக்’, ‘ஹொல்’ இரண்டுக்கும் 16 அத்தியாயங்களில் முடியும் அலுவலக, கல்லூரிக் காதல் தொடர்கள் போதும்.

வரலாற்றுத் தொடர்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோசன் அரச காலக் கதையில் ‘தேபக்’கும் ‘ஹொல்’லும் வராது, வந்தால் இன்றைய ஆள் பழங்காலத்துக்குப் போய்ச் சேர்ந்த நகைச்சுவைக் கதை என்று பொருள். வேலையாட்களும் சந்தைக்காரர்களும் ‘அய்கோ, நாரி!’ என்று பிரபுவின் காலில் விழுவார்கள். பிரபுவோ அரசனோ ‘ஒஹொ!’ என்று அழுத்தினால் நம் ‘ஓஹோ’வை நினைத்து அவர் எதையோ புரிந்துகொண்டார் என்று எண்ணிவிடக் கூடாது; எதிரில் இருப்பவர் வாயை மூட வேண்டும் என்னும் அதட்டல் அது. ஒலிவேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்டால் இரண்டாம் அசை கனத்து இறங்குவது தெளிவாகத் தெரியும்.